கயிற்றின் மேல் நின்ற மரங்கள்

மணிமுத்தாறுக்கு மேலே, மலையடிவாரத்தில், இருநூறு ஹெக்டேர் மொட்டைக்காட்டில் ஆறு வருடம் முன்பு வனத்துறையினர் கன்றுகள் நட்டிருந்தார்கள். அதில் எத்தனை மரம் நிற்கிறது என்று சொல்லும் வேலை என்னிடம் வந்தது. நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். எண்பதாயிரத்துக்குக் குறைந்தால் நடவு தோல்வி என்று எழுதி மூடிவிடுவார்கள், காவலுக்கு இருப்பவரையும் அனுப்பிவிடுவார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்தக் காவலர்தான் எனக்குக் கயிறு பிடிக்க வந்தவர். ஆறு வருடமாக ஆட்டையும் தீயையும் விரட்டியவர்.

காடு முழுவதையும் எண்ண முடியாது. ஐம்பது மீட்டருக்கு இருபது மீட்டர் என்று கயிறு கட்டி, இருபது இடங்களில் எண்ண வேண்டும். இருபதும் சேர்ந்தால் இரண்டு ஹெக்டேர், அதாவது காட்டில் நூறில் ஒரு பங்கு. வந்த எண்ணை நூறால் பெருக்கினால் காடு. கயிற்றுக்குள் ஒரு மரம் தப்பாகச் சேர்ந்தால் கணக்கில் நூறு மரம் முளைத்துவிடும். இதை அவரிடம் பெருமையாக விளக்கியிருந்தேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் அந்தச் சோற்றைப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. அதனால்தான் இடங்களைக் கணினியே குருட்டாம்போக்கில் குறித்துத் தந்திருந்தது. முள்ளோ பாறையோ, அங்கேதான் கயிறு விழ வேண்டும்.

எண்ணி முடித்தோம். எண்ணூற்று நாற்பத்தாறு. அன்று சாயங்காலம் வீட்டில் ஜிபிஎஸ் கருவியில் பதிந்திருந்த எங்கள் தடத்தை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கு இடங்களில் குறித்த புள்ளியைத் தொடாமல் நடைபாதை ஓரத்திலேயே கயிறு கட்டியிருந்தோம். பாதை ஓரம் என்றால் அவர் கோடையில் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றிய இடம். அங்கே மரம் அடர்த்தியாக நிற்காமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் மறைக்கவில்லை. முழங்கால் வலியோடு நான் ஏறியதைப் பார்த்து, மேலே முள்ளுக்குள் என்னை இழுக்க மனமில்லாமல் பாதையோரமே போதும் என்று நிறுத்தியதாகச் சொன்னார். யோசித்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் நிறுத்திய இடத்தில் கருவியைப் பார்க்காமல் அப்பாடா என்று உட்கார்ந்தவள் நான்தானே.

நான்கையும் திரும்ப எண்ணினோம். சரியான பதினாறு இடங்களில் அறுநூற்று முப்பத்திரண்டு இருந்தது. எண்ணூறைத் தொட இன்னும் நூற்று அறுபத்தெட்டு வேண்டும். முதல் இடத்தில் நாற்பத்தொன்பது. இரண்டாவதில் பாதி பாறை, பதினைந்துதான். மூன்றாவதில் ஐம்பத்து நான்கு. கடைசி இடத்துக்கு ஏறும்போது ஐம்பது, ஐம்பது என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பேசாமலே நடந்தேன். கணக்கு அவருக்கும் தெரிந்திருந்தது.

சரிவில் கயிற்றைக் கிடைமட்டமாக இழுத்துக் கட்டினோம். உள்ளே நாற்பத்தைந்து. கயிற்றின் மேலேயே ஏழு மரம். அடித்தண்டின் நடுப்பகுதி கயிற்றுக்கு உள்ளே இருந்தால் சேர்த்தி, வெளியே இருந்தால் தள்ளுபடி என்பது விதி. என்னால் குனிந்து பார்க்க முடியவில்லை. முழங்காலைச் சாக்குச் சொல்லி, அவரையே பார்க்கச் சொன்னேன். அதில் அஞ்சு உள்ளே என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வதாக இருந்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அவர் ஒவ்வொரு மரத்தடியிலும் மண்டியிட்டு, புல்லை விலக்கிப் பார்த்தார். ஒரு வேங்கை மரத்திடம் ரொம்ப நேரம் இருந்தார். அப்புறம் எழுந்தார்.

"நாலு உள்ள. மூணு வெளிய."

"அந்த வேங்கைய இன்னொருக்கா பாருங்க அண்ணாச்சி," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பாத்துட்டேன் டீச்சர். ஒண்ணுக்கு நூறுன்னு நீங்கதான சொன்னிய. இல்லாத நூறு மரத்தக் காட்டுன்னா நான் எங்கன போயிக் காட்டுவேன்?"

நாற்பத்தொன்பது. மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. காடு எழுபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

இது மதிப்பீடுதான், உண்மை எண் சுமார் எழுபத்திரண்டாயிரத்துக்கும் எண்பத்தெட்டாயிரத்துக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம், எண்பதாயிரத்தை எட்டவில்லை என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது என்று அறிக்கையில் ஒரு பக்கம் எழுதினேன். அதிகாரியிடம் நேரில் போய்ச் சண்டையும் போட்டேன். படிவத்தில் உள்ள பெட்டிக்குள் ஒரு எண்தான் எழுத இடமிருக்கிறது என்றார். எழுதினார்.

அடுத்த மாதமே காவலரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் பார்த்தது இரண்டு ஹெக்டேர். மீதி நூற்றுத் தொண்ணூற்றெட்டையும் நடந்து பார்த்த ஒரே மனிதர் அவர். காட்டில் எத்தனை மரம் இருக்கிறது என்று அவரிடம் யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.