பதினைந்து நாளைத் தாண்டிய விருந்தாளி

என் செருப்பை வாசலில் விடாமல் உள்ளே கொண்டுவந்து வைக்கும்படி அம்மா சொன்ன அன்றுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது. வெளியே விட்டால் நாய் கடித்துவிடும் என்றார். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. அந்த அபார்ட்மெண்டில் நாயே கிடையாது.

நான் பல்லடத்திலிருந்து ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே ஒரு கோழிப்பண்ணைக்காரர் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அடி உதையெல்லாம் இல்லை. அந்த வீட்டில் நான் பேசினால் யாருக்கும் காது கேட்காது, அவ்வளவுதான். ஏழு வருஷம் பேசிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் கேட்கவுமில்லை.

செருப்புக்கு அடுத்ததாகத் துணி. மொட்டை மாடிக் கொடியில் என் சுடிதாரைக் காயப்போட வேண்டாம், பெட்ரூமிலேயே மின்விசிறிக்கு அடியில் போடு என்றார் அம்மா. பெற்ற மகள் வந்திருப்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவமானம்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். தண்ணீரும் ஒரு காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சரவணம்பட்டிப் பக்கம் இருக்கும் பன்னிரண்டு வீட்டு அபார்ட்மெண்ட் அது. குடிப்பதற்குச் சிறுவாணித் தண்ணீர் எப்போதாவது வரும். குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர்தான். அந்தக் கோடையில் போர் காற்றை மட்டும் கக்க ஆரம்பித்தது. லாரித் தண்ணீர் வாங்கித் தரைத்தொட்டியில் இறக்கினார்கள். அந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சண்டை. இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கட்டுவதா என்று சின்னக் குடும்பங்கள் கேட்டன. அப்படியானால் வயசான தாய் தகப்பனை வைத்துக் காப்பாற்றுவதற்கு அபராதமா என்று பெரிய குடும்பங்கள் கேட்டன.

சண்டையைத் தீர்த்தவர் என் அப்பா. பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர், அபார்ட்மெண்டுக்கும் பொருளாளர். மொத்தச் செலவில் பாதியை எல்லா வீடும் சமமாகப் பிரித்துக்கொள்வது, மீதிப் பாதியைத் தலைக்கு இவ்வளவு என்று போடுவது. பூட்டிக் கிடக்கும் வீடு முதல் பாதியை மட்டும் கட்டினால் போதும். ஐந்து வயசுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தலைக்கணக்கு இல்லை. விருந்தாளிகள் தொடர்ந்து பதினைந்து நாளைத் தாண்டினால் அவர்களும் ஒரு தலை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொண்ட நாளிலிருந்து அந்தக் கட்டிடமே ஒற்றர் படை ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். எந்த வீட்டு வாசலில் எத்தனை ஜோடி செருப்பு, எந்தக் கொடியில் யார் அளவுச் சட்டை என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அதில் முதல் ஆள் மூன்றாவது மாடிக்காரர். அவர் வீட்டில் ஐந்து பேர். அவருடைய மாமியார் கண் ஆபரேஷனுக்கு வந்து பதினாறாவது நாள் தங்கியபோது, அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் ஆறு என்று போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். கண்ணில் பச்சைத் துணியோடு இருக்கும் மாமியாருக்குக் கூடவா என்று அவர் கேட்டதற்கு, அவங்களும் குளிக்கிறாங்க இல்லீங்களா என்றாராம் அப்பா. அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை.

இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது நான் வந்து பதினான்காவது நாள். சொல்லிவிட்டு, வெள்ளகோவில் சித்தி வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டு வரச் சொன்னார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நடுவில் இரண்டு நாள் போய்வந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அப்பா போட்ட விதியை அப்பா மீறமாட்டார், அதனால் மகளைப் பஸ் ஏற்றி அனுப்புகிறார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை அவரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். ஜன்னல் ஓர சீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளகோவில் பஸ் பல்லடம் வழியாகத்தான் போகும். அங்கே பஸ் நின்றபோது துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன். ஒருவேளை இங்கே இறங்கிவிடுவாள் என்று நினைத்துத்தான் இந்தப் பஸ்ஸில் ஏற்றினார்களோ என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவே இல்லை. சித்தி வீட்டில் இரண்டு நாளும் வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டார்கள். எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை. சித்தியும் இந்தச் சதியில் கூட்டோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பதினைந்து நாளுக்குள் இன்னொரு முறையும் அனுப்பினார்கள். அந்த முறை திரும்பி வந்து படியேறும்போது மூன்றாவது மாடிக்காரர் எதிரில் இறங்கி வந்தார்.

“ஏனுங்க அம்மணி, ஊருக்குப் போயிட்டு வாரீங்களாட்டம் இருக்குது?”

ஆமாங்க என்றேன். போன தடவையும் ரெண்டு நாள்தானுங்களே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொங்கு மரியாதை என்பது இதுதான். குத்தும்போதுகூட ஒரு ‘ங்க’ சேர்த்துத்தான் குத்துவார்கள். அந்தப் படியிலேயே நின்று நான் மனக்கணக்குப் போட்டேன். போன மாதம் பத்து லாரி, ஒன்று ஆயிரத்தைந்நூறு. தலைக்கணக்கில் வரும் பாதி ஏழாயிரத்தைந்நூறு, அதை முப்பது தலைக்குப் பிரித்தால் தலைக்கு இருநூற்றைம்பது. என்னையும் சேர்த்து முப்பத்தொன்று என்றால் ஆளுக்கு எட்டு ரூபாய் குறையும். மாமியார் ஊருக்குத் திரும்பிவிட்டதால் அவர் வீட்டில் ஐந்து தலை, நாற்பது ரூபாய். இந்த நாற்பது ரூபாய்க்காகவா ஒரு மனுஷன் என் போக்குவரத்தைக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறான் என்று கோபம் வந்தது. எங்கள் வீட்டுக்குக் கூடுவதோ இருநூற்றுச் சொச்சம். அந்த இருநூறுக்காகவா அப்பா என்னை ஒளிக்கிறார் என்பதுதான் அதைவிடப் பெரிய கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாதாந்திரக் கூட்டம். நான் மாடிப்படி வளைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா லாரிக் கணக்கைப் படித்து முடித்தார். தலை முப்பது என்றார். மூன்றாவது மாடிக்காரர் எழுந்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. சில வீட்டில் விருந்தாளி போய்ப் போய் வருவதால் எண்ணிக்கை சரியாக வருவதில்லை, எல்லா மாமியாருக்கும் ஒரே விதிதானே என்று மட்டும் கேட்டார்.

பிறகு கீழ்வீட்டு அக்கா, பாவம் விடுங்க, பொண்ணு அப்பனூட்டுக்கு வந்திருக்குது, நாளைக்குப் போயிரும், அதையெல்லாமா கணக்குல சேர்க்கறது என்றார். நாலைந்து பேர் ஆமாமா என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ‘நாளைக்குப் போயிரும்’ என் நெஞ்சில் நேராக வந்து இறங்கியது. அதோடு, அப்பா அதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிவிடுவார் என்றும் பயந்தேன். தலையாட்டிவிட்டால் அந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று அர்த்தம். அன்றைக்கே பெட்டியை எடுத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

அப்பா தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. எங்க வீட்டுக் கணக்கை மட்டும் சாயந்திரம் சொல்றேனுங்க என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். வாழ்நாளில் எந்தக் கணக்கையும் தள்ளிப்போடாத மனுஷர்.

மேலே வந்ததும் பிடித்துக்கொண்டேன். என்னைப் போகச் சொல்வதென்றால் நேராகச் சொல்லலாமே, எதற்குச் செருப்பை ஒளித்து, துணியை ஒளித்து, பல்லடம் வழியாகப் பஸ் ஏற்றிவிடுகிறீர்கள் என்று கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து கரண்டியோடு நின்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நம்ம வீட்டுத் தலை மூணுன்னு எழுதி போர்டுல ஒட்டறதுக்கு எனக்கு எவ்வளவு நேரமாகும் கண்ணு? ஆனா ஒட்டிப்போட்டா, நீ திரும்பிப் போகமாட்டேன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிப்போகும். அத நீ சொல்லோணும். நீ சொல்றவரைக்கும் நான் எதை எழுதறது?”

“அப்ப வெள்ளகோவில்?”

“விதிய நானே மீற முடியாதில்ல. உனக்கு யோசிக்க நாளும் வேணும். வேற வழி தெரியல.”

பல்லடம் வழி வேண்டுமென்றே இல்லையா என்று கேட்டேன். வெள்ளகோவிலுக்கு வேற எந்த வழியாப் போறது என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதை அப்போதுகூட நான் முழுசாக நம்பவில்லை. நம்பாத புத்தி எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் ஒன்று உறைத்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“மூணுன்னு போடுங்கப்பா” என்றேன்.

அம்மா கரண்டியோடு உள்ளே திரும்பிவிட்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்த மாசத்திலிருந்து என்று கேட்டார். வந்ததிலிருந்தே என்றேன். அப்படியென்றால் போன மாதத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், மற்ற வீடுகளுக்கெல்லாம் தலைக்கு எட்டு ரூபாயாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அப்போதே கால்குலேட்டரை எடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாயந்திரம் போர்டில் தாள் ஏறியது. எங்கள் வீட்டுக்கு நேராக மூன்று. மூன்றாவது மாடிக்காரர் நாற்பது ரூபாயை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவரே எங்கள் கதவைத் தட்டினார். என் செருப்பு அப்போது வாசலில்தான் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றைக்கு லாரி பார்க்கும் முறை உங்கள் வீட்டுடையது, அப்பா வங்கிக்குப் போயிருக்கிறாராம், நீங்கள் வந்து பாருங்கள் என்றார். லாரி வந்தால் தண்ணீரை இறக்குவதற்கு முன் ஒருவர் லாரி மேலே ஏறி, மூடியைத் திறந்து, தண்ணீர் கழுத்துவரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடியிருப்பவர்கள் முறைவைத்துப் பார்ப்பார்கள். விருந்தாளிகளுக்கு அந்த வேலை கிடையாது.

பின்பக்க ஏணியில் ஏறி மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கழுத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. வரும் வழியில் தளும்பிச் சிந்திவிட்டதுங்க என்றார் டிரைவர். எனக்குச் சந்தேகம் வந்தது. ரோடு காய்ந்து கிடக்கிறது, லாரியின் முதுகும் காய்ந்து கிடக்கிறது, எங்கே சிந்தியது என்று கேட்டேன். முழு லாரிக்குப் பணம் தரமுடியாது என்றேன். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“நீங்க புதுசுங்களா? ஊருக்கு வந்திருக்கீங்களா?”

“இல்லீங்க. நான் இங்கதான் குடியிருக்கேன்.”

மூன்றாவது மாடிக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஆமாங்க, அவங்க இங்கதான் என்றார். டிரைவர் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு குழாயைத் தொட்டியில் இறக்கினார். கடைசிச் சொட்டு வடியும்வரை நான் லாரி மேலேயே நின்றேன்.