நெஞ்சை அமத்த வேண்டாம்

எங்கள் வாப்பா மௌத்தாகப் போகிறார், உயிர் அதிக நாள் தங்காது என்பது பிள்ளைகள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னைப் பிடித்து ஆட்டிய பயம் வேறு. கடைசி நேரத்தில் அவர் கேட்டதை என் அண்ணன், காக்கா, நடக்க விடுவாரா என்பதுதான் அது.

வாப்பா பல ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்போதிக்கரியாக வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பத்தைந்து வயதளவில் அவருடைய இதயம் தளர்ந்துவிட்டது. காலெல்லாம் நீர் வீங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்ததும் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கித் தன் கையாலேயே எழுதினார். இதயம் நின்றால் நெஞ்சை அமத்தி எழுப்ப வேண்டாம், தொண்டையில் குழாய் போட வேண்டாம், மற்ற மருந்துகளைத் தாருங்கள், மூச்சுத் திணறலைக் குறையுங்கள். வாட்டு டொக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரோடு தனியாக நெடுநேரம் கதைத்தார். பிறகு அந்தத் தாளைக் நோய் விவரம் எழுதும் கட்டில் டிக்கட்டோடு குத்தி, டிக்கட்டில் தானும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

காக்காவுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். காக்கா பெண்டாட்டி ஊரான நிந்தவூரில் இருந்தார், வாப்பா மகளான என்னோடு இருந்தார்.

"உன்ட வீட்டில இருந்தா எல்லாம் உன்ட முடிவா? வாப்பாவக் கொல்லச் சொல்லியா எழுதி வாங்கின?" என்று வாட்டு வாசலில் எல்லோரும் பார்க்கக் கத்தினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வைத்தியம் பார்க்காமல் மகன் விட்டுவிட்டான் என்று பேசுவார்கள் என்ற பயம் அவருக்கு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரம் எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

டொக்டர் அவரைக் கூப்பிட்டார். "இதுக்கெண்டு நம்மட நாட்டில தனிச் சட்டம் ஒண்டும் இல்ல. ஆனா நல்ல புத்தியோட ஒருத்தர் வேணாமெண்டா, நான் பலவந்தமாச் செய்ய ஏலா. புள்ளைகள் கேட்டாலும் ஏலா. அவர்ட மனசு மாறினா அவரே சொல்லட்டும், எழுதினத இப்பவே வெட்டிவிடுறன்."

காக்கா நேரே வாப்பாவிடம் போனார். "மருந்து வேணாமெண்டுறது ஹராம் இல்லையா வாப்பா?"

"மருந்து வேணாமெண்டு நான் எப்ப சொன்ன? இந்தா, குளிசை குளிசையா முழுங்கிறன். மாடு தின்னுற மாதிரி." மூச்சு வாங்க நிறுத்தினார். "கேளு மகன். நெஞ்ச அமத்தினா விலா எலும்பு முறியும். இந்த இதயத்துக்கு அதால ஒரு பலனும் இல்ல. அமத்தத் தொடங்கினா முதல்ல கட்டிலச் சுத்தி மறைப்ப இழுத்து, சொந்தக்காரர வெளிய போடுவாங்க. எத்தன மகன்மாரப் புடிச்சு வெளிய தள்ளினவன் நான்! சக்கராத்து நேரத்தில, உசிர் போற நேரத்தில, நீ மறைப்புக்கு வெளிய நிண்டா, என்ட காதில கலிமா சொல்லுறது ஆரு?"

காக்கா எழுந்து போனார். எழுதியதை வெட்டச் சொல்லவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் வாட்டுக்குள் வரும்போதெல்லாம் டிக்கட்டில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பேன். வாப்பா உறங்கினால் மூச்சு வருகிறதா என்று விரலை மூக்கடியில் வைத்துப் பார்ப்பேன். நெஞ்சு நின்றால் நானே "அமத்துங்க" என்று கத்திவிடுவேனோ என்றும் பயந்தேன்.

அது நடந்தது ஒரு பின்னேரம், நோயாளர் பார்க்கும் நேரம். வாப்பாவின் தலை சாய்ந்தது. காக்கா ஓடிப்போய்க் கையில் அகப்பட்ட டொக்டரை இழுத்து வந்தார். அவர் வேறு வாட்டிலிருந்து வந்த இளம் டொக்டர், அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். வாட்டுத் தாதி, மிஸ்ஸி ஒருத்தி மறைப்பை இழுத்தாள். "எல்லாரும் வெளிய போங்க!" நானும் காக்காவும் போகவில்லை.

டொக்டர் இரண்டு கையையும் வாப்பாவின் நெஞ்சில் வைத்தார். டிக்கட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வாங்கி வாசித்தார். கையை எடுத்துவிட்டார்.

"அமத்துங்க டொக்டர்!" காக்கா அவருடைய கையைப் பிடித்துத் திரும்ப நெஞ்சில் வைக்கப் பார்த்தார். டொக்டர் இழுத்தார், காக்கா விடவில்லை. அந்த இழுபறி எவ்வளவு நேரம் நடந்தது என்று எனக்குத் தெரியாது.

"காக்கா, நீங்க மறைப்புக்கு உள்ள நிக்கிறீங்க," என்றேன். "வாப்பா கேட்டது அதத்தானே."

அவர் டொக்டரின் கையை விட்டார். கட்டிலில் முட்டுக்காலை ஊன்றி, வாப்பாவின் காதோடு வாயை வைத்துக் கலிமா சொன்னார். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். டொக்டர் நாடி பார்த்துவிட்டுத் தலையசைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, வாப்பாக்குக் கேட்டிரிக்குமா? நான் அந்தக் கையப் புடிச்சு இழுத்த நேரத்துக்குள்ள போயிட்டாரா?"

"கேட்டிரிக்கும் காக்கா," என்றேன்.

காக்காவும் மௌத்தாகிவிட்டார். அதுவரைக்கும் பெருநாளுக்குப் பெருநாள் வந்து இதே கேள்வியைக் கேட்பார். நானும் இதே பதிலைச் சொல்வேன். எனக்குத் தெரியாது.