ஏழு நாள் என்று போட்ட நோட்டீஸ்

திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் தாவூது தன் மளிகைக் கடை வாசலில் நின்று நோட்டீஸை எழுத்துக்கூட்டுவதைப் போல நிதானமாகப் படித்தார். எதிரே தாமரைச்செல்வி துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் வேலைக்கு வந்து அவளுக்கு ஒன்பது வருடம். தலத்தெருவிலிருந்து இந்தப் பட்டினம் வரைக்கும்தான் அவள் எல்லை. அதைத் தாண்டி யார் கூப்பிட்டாலும் போகமாட்டாள். வீடு தெரிந்தவர்களுக்கு மட்டும் பாலிசி என்பது அவள் கொள்கை. ஆனால் இரண்டு மாதமாகப் பட்டினத்தில் யாரும் அவளை உட்காரச் சொல்வதில்லை. எங்கிருந்தோ வந்த ஓர் ஆள் போலி ரசீது கொடுத்துப் பிரீமியம் வசூலித்துக்கொண்டு ஓடிப்போனதிலிருந்து ஏஜென்ட் என்றாலே கதவு சாத்தினார்கள். அதற்காகத்தான் இந்த நோட்டீஸ். அவள் படம், முகவரி, ஏஜென்ட் எண், கீழே வாடிக்கையாளர் ஒருவரின் வார்த்தை.

தாவூது அந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார். பெயரும் கம்பெனியும் வந்தன.

"லைசென்ஸ் சரியாத்தான் இருக்கு. வடிவாம்பா அக்கா சொன்னதா போட்டிருக்கீங்களே, 'ஏழே நாளில் பணம் கைக்கு வந்தது'ன்னு. அவங்க நம்ம கடையிலதான் சாமான் வாங்குறாங்க. சாயங்காலம் வருவாங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

தாமரைச்செல்வி துப்பட்டா நுனியை விட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

ஏழு நாள் இல்லை. நாலு மாதம். வடிவாம்பாளின் கணவர் வைத்தியலிங்கம் பாலிசி எடுத்து ஒன்றரை வருடத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். மூன்று வருடத்துக்குள் சாவு என்றால் கம்பெனி விசாரிக்கும். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் கேட்டார்கள், பழைய மருந்துச் சீட்டைக் கேட்டார்கள். அச்சுக்கடையில், "நாலு மாசம்னு போட்டா யாரு வருவா?" என்று கடைக்காரர் சிரித்தபோது அவளும் சிரித்தாள். 'ஏழு' என்று அவர் அடித்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். விளம்பரத்தைக் கம்பெனிக் கிளையில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற விதியும் தெரியும். காட்டவில்லை.

வழியெல்லாம் அதே நினைப்பு. கிளைக்குத் தெரிந்தால் ஏஜென்சியே போகும். அதைவிட, அந்தப் போலி ரசீதுக்காரனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று ஊர் கேட்டால்?

வடிவாம்பாள் வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று நோட்டீஸை நீட்டினாள் தாமரைச்செல்வி.

வடிவாம்பாள் படித்தாள். முகம் இறுகிற்று.

"ஏழு நாளா? அவரு போன பின்னால அந்த நாலு மாசம் எனக்கு எப்படிப் போச்சுன்னு ஒனக்குத் தெரியாதா செல்வி? தெனம் ஒரு காயிதம் கேட்டாங்க. அவருக்கு முன்னாடியே வியாதி இருந்துச்சான்னு என்னையே கேட்டாங்க. அதை ஏழு நாளாக்கிட்டியே."

"மன்னிச்சிருங்கக்கா. ஒங்க பேரை எடுத்துடறேன்."

வடிவாம்பாள் உளுந்தைக் கிளறினாள். பிறகு, "பேரை எடுக்கச் சொன்னேனா? நடந்ததைப் போடு. நீ எத்தனை தடவ வந்தே, ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல என்னோட எத்தனை நாள் காத்துக் கெடந்தே, அதைப் போடு. அதுக்கு நான் கையெழுத்தே போட்டுத் தர்றேன்" என்றாள்.

தாமரைச்செல்வி நேரே தாவூதிடம் திரும்பினாள். அவர் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்ற பதைப்பு. சொன்னாள். தாவூது நோட்டீஸை மடித்துக் கல்லாவில் போட்டுவிட்டுச் சாமான் நிறுக்கத் திரும்பினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மூன்று நாள் கடைகடையாய் ஏறி இறங்கி நோட்டீஸ்களைத் திரும்ப வாங்கினாள். இருநூறில் நூற்று அறுபதுதான் கிடைத்தது. கிளை மேலாளரிடம் நடந்ததைச் சொன்னபோது எழுத்தில் விளக்கம் கேட்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஏஜென்சி பிழைத்தது. வடிவாம்பாளின் கையெழுத்தோடு எழுதிய புதிய வாசகம் பத்து நாள் கழித்து ஒப்புதலாகி வந்தது: 'நாலு மாசம் ஆச்சு. கம்பெனி விசாரிச்சுச்சு. செல்வி பதினோரு தடவை கூட வந்துச்சு.'

அதை எடுத்துப்போய்த் தயங்கித் தயங்கித் தாவூதிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவங்க என்னென்ன காயிதம் எடுத்து வச்சிருக்கணும்? அதை மொதல்ல இவங்களுக்குச் சொல்லுங்க. பாலிசியைப் பின்னாடி பேசிக்கலாம்" என்றார் தாவூது.

"சொல்றேன் பாய். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும். சுகர், பிரஷர், நெஞ்சுவலி எது இருந்தாலும் மறைக்காதீங்க. மறைச்சா பின்னால அவங்கதான் அலையணும்."

தாவூது மனைவியைப் பார்த்தார். பிறகு மெல்ல, "பிரஷர் மாத்திரை ரெண்டு வருஷமா சாப்பிடுறேன். வீட்ல தெரியாது" என்றார்.

ஜன்னத்துல் பிர்தௌஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்கக்கா" என்றாள்.