சித்தியின் பாட்டு முடியும் வரை

அப்பாவின் கடைசித் தம்பிக்குக் கல்யாணமே தாமதம். அதனால் என் நாற்பத்தாறு வயதில், எட்டு, ஆறு, நாலு வயதில் அவர் பிள்ளைகள் மூன்று பேர் என்னை 'அண்ணே' என்கிறார்கள். பார்ப்பவர்கள் தாத்தா என்று நினைத்துவிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் சித்தியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணப் பூசை. எல்லோரும் வரிசையில் போய்ச் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் தனிப்பாட்டு சித்திக்கு. மூத்தவள் பிறந்ததிலிருந்து ஒரு பாட்டையும் அவர் முழுதாகப் பாடி முடித்ததில்லை. யாராவது அழுவார்கள், பாதியில் இறங்கி வந்துவிடுவார்.

"தம்பி, இன்னிக்கு மட்டும் பாத்துக்கங்க. செல்லு குடுக்காதீங்க, போன தடவ சத்தமா பாடிடுச்சு."

"நீங்க போங்க சித்தி, நான் இருக்கேன்" என்றேன். வீராப்புக்கு என்ன குறைச்சல்.

கைவசம் நாலு வித்தை இருந்தது. ஒவ்வொன்றையும் கஞ்சத்தனமாக அவிழ்க்க வேண்டும். எனக்கு அந்த நிதானம் கிடையாது. கைக்குட்டையைச் சுருட்டி, நுனியை முடிந்து எலி செய்தேன். உள்ளங்கையில் வைத்து வாலருகே விரலால் சுண்டினால் முழங்கை வரை தாவும். முதல் பைபிள் வாசகம் முடிவதற்குள் எலி அலுத்துவிட்டது. நீலச் சட்டைகளை எண்ணச் சொன்னேன். பதினேழோடு ஆறு வயதுக்காரன் ராஜினாமா செய்தான். முதுகில் விரலால் எழுத்தெழுதிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, சத்தமில்லாதது, பிரசங்கத்தில் பாதி வரை ஓடியது. கடைசியாக என் தலையில் நரைமுடி எண்ணவிட்டேன். அது மட்டும் நெடுநேரம் போனது.

பிரசங்கமோ முடியவில்லை. சரக்கு தீர்ந்த கடைக்காரனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் சித்தி பாடத் தொடங்கினார். சின்னவள் குரலைக் கண்டுகொண்டாள், உதடு பிதுங்கியது.

"அம்மாட்ட போணும்."

தூக்கிக்கொண்டு நன்மை வரிசையில் நின்றேன். மற்ற இருவரும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆச்சரியம், வரிசை நகர நகர அழுகை நின்றது. நான் நன்மை வாங்கினேன். சாமியார் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை வரைந்தார். இருக்கைக்குத் திரும்பியதும் மறுபடி உதடு. பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி.

மூவரோடும் மறுபடி வரிசையின் வாலைத் தேடிப் போனேன். இந்த முறை சின்னவளைத் தூக்கியது போக மிச்சமிருந்த கையை, நன்மை வேண்டாம் என்பதற்கு அடையாளமாக நெஞ்சில் வைத்துக்கொண்டேன், எனக்கும் ஆசீர்வாதம் மட்டும்தான்.

சாமியார் மெதுவாகக் கேட்டார்: "இப்பத்தான வந்தீங்க?"

"சின்னவளுக்கு ஒரு சிலுவ பத்தல சாமி."

சிரிக்காமல் நாலு பேருக்கும் சிலுவை போட்டார். திரும்பும்போது பாட்டு முடிந்தது. முழுதாக.

பூசை முடிந்ததும் சித்தி வந்தார், முகமெல்லாம் வேர்வை. சின்னவள் தாவிக்கொண்டாள். என் கைகள் மரத்துப்போய் அப்படியே தொங்கின.

"எப்படி தம்பி இருந்துச்சு?"

ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

"அருமையா இருந்துச்சு சித்தி."

"பொய் சொல்லாதீங்க. ரெண்டாவது வாட்டி நீங்க வரிசையில வரத பாத்துட்டு, சிரிப்ப அடக்கத்தான் கண்ண மூடிட்டுப் பாடினேன்."

பிறகு மெதுவாக, "முழுசா பாடிட்டேன்ல?" என்றார்.

"பாடிட்டீங்க."

"சாப்பிட்டுட்டு வர்றேன், அதுவரைக்கும் பாத்துக்கங்க" என்று சின்னவளைத் திரும்ப என் தோளில் வைத்தார்.