குரூப் போட்டோவில் தம்பி

ஸ்டுடியோவின் பின்னறையில் படங்களைத் திருத்தும் பெண்ணை வாடிக்கையாளர்கள் ‘ஒட்டுக்கார அக்கா’ என்பார்கள். மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள், வழுக்கையில் முடி வளர்ப்பாள். கல்யாணத்துக்கே வராதவரைக் குரூப் போட்டோவில் நிற்க வைப்பதில்தான் அவள் கெட்டிக்காரி.

ஒருநாள் ஓர் அம்மாள் தன் தம்பியோடு வந்தாள். அவளுடைய கல்யாண குரூப் போட்டோவில் தம்பி இல்லை. மாப்பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு அன்றைக்கு மாடியிலேயே இருந்துவிட்டான். அதிலிருந்து மாப்பிள்ளை அவனோடு பேசுவதில்லை. இருபத்தைந்து வருஷம்.

“அந்த வயசுல இவனை எடுத்த படம் ஒண்ணுகூட இல்லம்மா. இவன் பையன் அச்சு அசல் இவனேதான்” என்று தம்பி மகனின் படத்தை நீட்டினாள். அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுப் புது கேமராவில் எடுத்தது.

ஒட்டுக்கார அக்கா பழைய பிலிம் படத்தை ஸ்கேன் செய்து, பையனைக் கடைசி வரிசையில் ஒட்டினாள். வெளிச்சம் பொருந்தியது, நிறம் பொருந்தியது. ஆனால் எல்லோரும் பனிமூட்டத்தில் நிற்க, அவன் மட்டும் கழுவித் துடைத்து வந்தவன்போல இருந்தான். மீசையை எண்ணிவிடலாம்.

“இதுதான் நல்லாருக்கு. நான் பளிச்சுனு தெரியறேன்ல?” என்றான் தம்பி.

“பளிச்சுனு தெரியறதுதான் சார் வம்பு. நேத்து வந்து நின்னீங்கன்னு படமே சொல்லிடும்.”

படத்தில் பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் தலையளவுக்கு அவனைச் சுருக்கினாள். அப்போதும் கூர்மை போகவில்லை. சித்தப்பாவின் இமைகள் கலங்கியிருந்த அளவுக்கு அவன் இமைகளையும் மங்க வைத்தாள். இப்போது மெழுகு பொம்மையாகிவிட்டான். பழைய பிலிம் படமெங்கும் மணல் தூவியதுபோலத் தெரியும் பொடி அவன் கன்னத்தில் இல்லை. மங்க வைத்த பிறகுதான் அதைத் தூவ வேண்டும். முன்பே தூவினால் பொடியும் சேர்ந்து கலங்கிவிடும். முதலில் தூவியது பெரிதாகப் போய் அம்மை போட்டதுபோல் ஆனது. சித்தப்பாவின் கன்னத்தை முழு அளவில் வைத்துப் பார்த்துப் பொடியைச் சிறிதாக்கினாள். கோட்டின் கருநிழலில் குறைத்தாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியே பார்த்து, பழைய படத்தில் இருப்பதுபோல நீலத்தில் மட்டும் பொடியைக் கொஞ்சம் கூட்டினாள்.

தம்பி முகம் வாடியது. “என்னைக் கண்டே பிடிக்க முடியலையே.”

“அதுக்குத்தான் சார் இவ்வளவு பாடு.”

மறுவாரம் அந்த அம்மாள் மட்டும் வந்தாள். பிரிண்டை வீட்டில் மாட்டியதும் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாராம்.

“என்ன சொன்னாரு?”

“‘இவன் அன்னிக்கு வந்திருந்தானா? அப்ப எதுக்கு நான் இத்தனை வருஷமா இவன்கூடப் பேசாம இருந்தேன்?’னு என்னையே கேக்கறாரு.”

“உண்மையச் சொல்லிட்டீங்களா?”

“தம்பிகூடப் போன்ல பேசிட்டிருக்காரும்மா. முடியட்டும், சொல்றேன்.”