மேடம் இல்லாத நாள்

அன்று துபாய் தேராவிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் இருந்தேன், விற்பனையைப் பார்க்கும் கீழக்கரை பாய் இருந்தார், ஷார்ஜா தொழிற்பேட்டையிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். மேடம் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று கிளம்பிப் போயிருந்தார்.

மேடம் லைசென்ஸ் உள்ள கண் பரிசோதகர். நானும் அதே படிப்புதான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன். லைசென்ஸுக்கான சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தது, கணினித் தேர்விலும் தேறினேன். ஆனால் இங்கே வந்து மூன்று வருடம் பிரேம் விற்றிருந்தேன். லைசென்ஸ் தரும் அலுவலகத்தில் அதை அனுபவமாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் பார்க்காத இடைவெளி என்றார்கள். அதனால் மூன்று மாதம், சம்பளமில்லாமல், மேடத்தின் மேற்பார்வையில் பயிற்சி. அவர் பக்கத்தில் நின்றால்தான் நான் நோயாளியைத் தொடலாம். பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் அவர் கையெழுத்து வேண்டும். இரண்டு மாதம் முடிந்திருந்தது.

“தம்பி திருநெல்வேலிப் பக்கமோ? பேச்சுல தெரியுதுல்லா,” என்றார் ஓட்டுநர்.

என் அறையில் ஆறு பேர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஊர்ப்பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன்.

“மேடம் நாளைக்கு வருவாங்கண்ணே.”

“நாளைக்கு எங்க? லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிடுவான். ரோட்டுப் போர்டெல்லாம் புகையா தெரியுது.”

“பாத்து விடுங்க தம்பி,” என்றார் பாய். “மேடம் வந்து கையெழுத்துப் போட்டுட்டா கலாஸ், வேலை முடிஞ்சுது.”

விளக்கை அணைத்தேன். அரையடி தூரத்தில் ஓட்டுநரின் முகம். லென்ஸ் மாற்ற மாற்ற, மகளின் பள்ளிக்கூடம், ஊர் மழை என்று பேசிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை அரை மணி நேரம் செய்தேன்.

மறுநாள் மேடம் பதிவேட்டைப் பார்த்தார்.

“இவர எப்பப் பாத்தீங்க?”

சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“நான் பாக்காத கண்ணுக்கு நான் எப்படி கையெழுத்துப் போடுவேன், தம்பி?”

ஓட்டுநரைத் திரும்ப வரவழைத்து அவரே சோதித்தார். நான் எழுதிய அளவில் மாற்றமே இல்லை. நிம்மதியாக மேடத்தின் முகத்தைப் பார்த்தேன்.

“நம்பர் சரிதான். நீங்க பாத்ததுதான் தப்பு,” என்றார்.

நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினார். அந்த மாதம் கணக்கில் சேரவில்லை. பயிற்சி ஒரு மாதம் நீண்டது. அப்பா போனில், “டாக்டர் ஆயாச்சா?” என்று கேட்டார். “இன்னும் ஒரு மாசம்ப்பா” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நான்காவது மாதக் கடைசியில் மேடம் கையெழுத்திட்டார். லைசென்ஸும் வந்தது. ஓட்டுநர் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. கூடுதல் மாதத்துக்குப் படுக்கை வாடகை அறுநூறு, சாப்பாடு நானூறு, திரும்ப வந்ததற்காக ஓட்டுநர் இழந்த அரை நாள் சம்பளம் அறுபது. அந்த அரை மணி நேரத்துக்கு மொத்தம் ஆயிரத்து அறுபது திர்ஹம்.