கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

காது மிஷின் விற்கிற அந்தக் கடையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறவளை எல்லோரும் ‘மிஷின் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடை அவளுடைய பெரியப்பா மகனுடையது. புருஷன் இறந்த வருஷமே அந்த அண்ணன் அவளை அங்கே உட்கார வைத்துவிட்டான்.

ஆரம்பத்தில் அவளுக்கு வாய் அதிகம். “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று ஒருவர் எழுந்தார். “இத்தனை வயசுக்கு மேல இதுக்குமா உத்தரவு வாங்கணும்?” என்று சிரித்தாள். மனிதர் ரோஷத்தில் வாங்கிப்போனார். நாலாம் நாள் அவர் மனைவி மிஷினை மேஜையில் போட்டுவிட்டு, “அவருக்குக் காது மந்தம், உனக்கு மூளையே மந்தமா?” என்று கேட்டாள். கடையே வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து யார் யோசிக்கணும் என்றாலும், “சரிங்க, மெதுவா வாங்க,” அவ்வளவுதான்.

அண்ணன் பார்த்துச் சலித்துப்போனான். “கழுத்தப் புடிக்கிறதும் தப்பு, கதவத் தொறந்துவிடறதும் தப்பு. எதை யோசிக்கணும், வீட்ல என்ன கேப்பாங்கன்னு ஒரு வார்த்தை கேளு. சொன்னா வழி பண்ணலாம். அதுக்குத்தானே ஒரு வாரம் வீட்ல போட்டுப் பாக்க ஒரு மிஷின் அலமாரில கிடக்கு?”

“எனக்கெதுக்கு வம்பு” என்றாள் அவள்.

அப்புறம்தான் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். காதைச் சோதித்து மிஷினைப் பொருத்தியதும், தெருவில் போன சைக்கிள் மணிக்குத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கழற்றி மேஜையில் வைத்தார்.

“வீட்டுக்காரியக் கேட்டு வரேன்மா. யோசிக்கணும்.”

அண்ணன் சொன்ன அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். “சரிங்கய்யா, மெதுவா வாங்க.”

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். சவரம் செய்யாத முகம். உட்காரவில்லை.

“சொல்லிட்டுப் போனேனே, அதான் வந்தேன். இனி வேண்டாம்மா.”

“அம்மா வேண்டாம்னாங்களா ஐயா?” சத்தமாகத்தான் கேட்டாள்.

“அவ போய்ட்டா. ரெண்டு மாசமாப் படுக்கை. குரல் உள்ள போயிடுச்சு. அவ பேசறது கேக்கட்டும்னுதான் அன்னிக்கி வந்தேன். காசைக் கரியாக்கறேன்னு வைவாளோன்னு பயம், அதான் யோசிச்சேன். கடைசி மூணு நாள் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா. தலையாட்டினேன். என்ன சொன்னான்னு தெரியலம்மா.”

அவருக்குப் பின்னால் அலமாரியில் அந்த ஒரு வார மிஷின் டப்பாவுக்குள் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே, காசில்லாமல், அவர் காதில் போயிருக்கும். வாசல் வரை கூடவே போனாள்.

இன்றைக்கும் யாராவது யோசிக்கணும் என்று எழுந்தால், மிஷின் அக்கா நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். “தாராளமா யோசிங்க. எதைப் பத்தின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க,” என்கிறாள். அப்புறம் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.